பேஸ்மென்ட் தரை மேலே, பின்மூலை கீழே: நிலத்தடி நீர் ஏறிய கட்டடத்தில் பிழை கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் சில வருடங்களாக ஒரே மாதிரியான புகார்கள் வருகின்றன. பல வருடம் உலர்ந்து கிடந்த பேஸ்மென்ட் தரை திடீரென்று நடுவில் புடைக்கிறது. டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிகிறது. அதே கட்டடத்தின் பின்பக்க மூலையில் சுவர் சாய்வாக வெடிக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு மேஸ்திரிகளைக் கூப்பிடுகிறார். ஒருவர் "தரை எழும்புது சார், மேலே இன்னொரு கோட் காங்கிரீட் போட்டா அடங்கிடும்" என்கிறார். இன்னொருவர் "அஸ்திவாரம் அமுங்குது, பில்லருக்குக் கீழே தோண்டணும்" என்கிறார். ஒரு கட்டடம் ஒரே சமயத்தில் மேலேயும் போகுமா, கீழேயும் போகுமா என்று வீட்டுக்காரர் குழம்புவது நியாயம்தான்.

போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: கட்டடத்துக்கு அடியில் நீர்மட்டம் ஏறியது. அதைப் புரிந்துகொள்ள மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகியின் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் கோட்பாடு ஒன்று போதும். தமிழில் பயனுறு அழுத்தம் என்று சொல்லலாம். கீழே ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்துக் கணக்கைப் போட்டுவிட்டு, அறிகுறி அறிகுறியாகப் பார்க்கிறேன்.

மாதிரிக் கட்டடம்

அல்சூர், மர்பி டவுன் பக்கம் நம் ஆட்கள் கட்டுகிற மாதிரி, தரைத்தளமும் மேலே 3 மாடியும் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்பாதியில் வண்டி நிறுத்த 3 மீட்டர் ஆழத்தில் பேஸ்மென்ட். பின்பாதியில் பேஸ்மென்ட் இல்லை. அங்கே பில்லரின் பாரத்தை மண்ணுக்கு இறக்கும் ஃபுட்டிங் 2 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. முன்பக்கம் இறுகிய இயற்கைச் செம்மண், அதன் கீழே சிதைந்த பாறை. பின்பக்கம் ஒரு காலத்தில் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர் வாய்க்கால் ஓடிய பள்ளம். அதை யாரோ மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். அந்தக் கொட்டிய மண் 4.5 மீட்டர் ஆழம் வரை இருக்கிறது. கட்டும்போது நீர்மட்டம் 9 மீட்டர் ஆழத்தில் இருந்தது. இப்போது 1.5 மீட்டரில் நிற்கிறது.

நீர்மட்டம் ஏன் ஏறும்? சுற்றிலும் போர்வெல்கள் ஓடிக்கொண்டிருக்கும் வரை நீர் கீழேயே இருக்கும். குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததும் போர் ஓட்டுவது குறையும். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும், நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளுக்கு 775 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. அப்படி வரும் தண்ணீரில் ஒரு பங்கு குழாய்க் கசிவாகவும் கழிவாகவும் மண்ணுக்குள் போகும். பக்கத்து ஏரியை நிரப்பினாலும் ஏறும். லண்டனிலும் இதுவே நடந்தது. தொழிற்சாலைகள் குழாய்க்கிணறுகளை நிறுத்திய பிறகு, 1960-களிலிருந்து அந்த ஊருக்கு அடியில் நீர் ஏற ஆரம்பித்தது. பெங்களூர் முழுக்க ஏறுகிறது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் போர்கள் இன்னும் வறண்டே கிடக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு மனையிலும் அளந்து பார்க்கவேண்டும்.

கணக்கு: தண்ணீர் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது

தண்ணீர் ஏறினால் மண்ணின் எடை கூடும், அந்தக் கூடுதல் பாரத்தால்தான் அமுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சரி, கூட்டிப் பார்ப்போம். வீட்டுக்குப் பக்கத்துக் காலி மண்ணில் 6 மீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளி. நீருக்கு மேலே உள்ள மண் கனமீட்டருக்கு 1.8 டன், நீரில் ஊறிய மண் 2 டன், தண்ணீர் 1 டன்.

நீர் 9 மீட்டரில் இருக்கும்போது அந்தப் புள்ளியின் மேல் உள்ள மொத்த அழுத்தம் 6 × 1.8, அதாவது சதுர மீட்டருக்கு 10.8 டன். அங்கே நீரழுத்தம் இல்லை. எனவே 10.8 டன்னையும் மண் துகள்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தித் தாங்குகின்றன.

நீர் 1.5 மீட்டருக்கு ஏறியதும் மேலே 1.5 மீட்டர் மண் 1.8 டன் வீதம் 2.7 டன். அதற்குக் கீழே 4.5 மீட்டர் ஊறிய மண் 2 டன் வீதம் 9 டன். மொத்தம் 11.7. ஆனால் துகள்களுக்கு நடுவே உள்ள தண்ணீர் இப்போது 4.5 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தில் இருக்கிறது. அது 4.5 டன்.

```
σ' = σ − u
முன்பு:   10.8 − 0   = 10.8
இப்போது: 11.7 − 4.5 = 7.2
```

இதில் σ மொத்த அழுத்தம், u நீரழுத்தம், σ' பயனுறு அழுத்தம். மொத்த அழுத்தம் 0.9 டன் மட்டுமே கூடியது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான அழுத்தம் 3.6 டன் குறைந்துவிட்டது. அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கிணற்றில் இறைக்கும் குடம் நீருக்குள் இருக்கும்வரை கைக்குக் கனக்காது. நீரை விட்டு வெளியே வந்ததும் முழு எடையும் தெரியும். மண் துகளும் அப்படித்தான் நீருக்குள் இலேசாகிறது. மண்ணின் வலு அந்தத் துகள் அழுத்தத்தில்தான் இருக்கிறது. உராய்வுக் கோணம் 30 பாகை என்று எடுத்தால், அந்தப் புள்ளியில் மண் நகராமல் எதிர்க்கும் வலு சதுர மீட்டருக்கு 6.2 டன்னிலிருந்து 4.2 டன்னாக இறங்குகிறது.

1936-இல் ஹார்வர்டில் நடந்த முதல் சர்வதேச மண் இயக்கவியல் மாநாட்டில் கார்ல் டெர்சாகி இதைத் தெளிவாகச் சொன்னார். மண் அமுங்குவது, உருமாறுவது, வலுவை இழப்பது எல்லாமே பயனுறு அழுத்தம் மாறுவதால் மட்டுமே நடக்கின்றன என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எனவே கட்டடத்தில் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பாரம் கூடியதா" என்பதல்ல. "கீழே u எவ்வளவு" என்பதுதான்.

முதலில் u-வை அளப்பது

இதைச் செய்யாமல் எந்த ரிப்பேரும் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பலர் வீட்டு போர்வெல்லில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு "200 அடியில்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண் இங்கே உதவாது. பெங்களூர் போர்வெல்லில் மேல் மண்ணும் சிதைந்த பாறையும் முடியும்வரை கேசிங் குழாய் இறக்கி அடைத்திருப்பார்கள். தண்ணீர் அதற்குக் கீழே உள்ள கடினப் பாறையின் வெடிப்புகளிலிருந்து வருகிறது. ஃபுட்டிங்கைச் சுற்றியுள்ள மேல்மண் நீரைப் பற்றி அந்தக் குழாய்க்கு ஒன்றும் தெரியாது. கீழே வறண்டும் மேலே நிரம்பியும் இருக்கும் மனைகள் உண்டு.

வேண்டியது ஒரு சின்ன அளவைக் குழாய். மண்ணைத் துளைக்கும் ஆகர் வைத்து 10 சென்டிமீட்டர் அகலத்தில் 5 மீட்டர் ஆழத் துளை போடுங்கள். அதற்குள் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய். அதன் கீழ் 2 மீட்டரில் ரம்பத்தால் மெல்லிய கீறல்கள் போட்டு, ஃபில்டர் துணி சுற்றியிருக்கவேண்டும். கீறல் இருக்கும் உயரத்துக்குச் சுற்றிலும் கரடுமுரடான மணல். அதன் மேலே பென்டோனைட் களிமண் நிரப்பி இறுக்கி அடைக்கவேண்டும். இந்தக் களிமண் அடைப்பு முக்கியம். இல்லாவிட்டால் மேலே தேங்கும் மழைநீர் துளைக்குள் இறங்கிப் பொய்யான மட்டத்தைக் காட்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று போட்டால் போதும். இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரே நேரத்தில், டேப்பில் சின்ன எடை கட்டி இறக்கி மட்டத்தை எழுதுங்கள். பக்கத்தில் பம்ப் ஓடினால் முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள்.

எண்கள் எழுத எழுதக் கதை தெரியும். மழைக்குப் பிறகு இரண்டு குழாயும் சேர்ந்து ஏறி, மெதுவாக இறங்கினால் அது நிலத்தடி நீர். ஒன்று மட்டும் உயர்ந்து, மழையே இல்லாத நாளிலும் அப்படியே நின்றால் அருகில் ஏதோ கசிகிறது. அப்போது சம்ப்பை நிரப்பி, உள்ளே வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தி, இரவு முழுக்க மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாயில் சாயம் கரைத்து ஊற்றினால் சில நாளில் அளவைக் குழாயில் நிறம் தெரியலாம். குளோரின் கிட் வைத்துப் பார்த்து "குளோரின் இல்லை, அதனால் காவிரித் தண்ணீர் இல்லை" என்று முடிவுக்கு வரவேண்டாம். மண்ணுக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே குளோரின் தீர்ந்துவிடும்.

அறிகுறி: பேஸ்மென்ட் தரை நடுவில் புடைத்து, இடுக்கில் நீர் கசிகிறது

உறுதி செய்வது எளிது. நாலு பில்லர்களுக்கு நடுவே உள்ள தரைப்பகுதி மட்டும் உயர்ந்திருக்கும். பில்லர் ஓரத்தில் உயர்ந்திருக்காது. விரிசல் நடுவிலிருந்து நட்சத்திரம் போலப் பரவும். சுத்தியலால் தட்டினால் வெற்றொலி வரும். பில்லர்கள் அசைந்தனவா என்று பார்க்க, எல்லாப் பில்லரிலும் டியூப் லெவல் வைத்து ஒரே மட்டத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேஸ்திரி வைத்திருக்கும் அதே தண்ணீர் டியூப் போதும். மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது கோடுகள் ஒரே மட்டத்தில் இருந்தால் பில்லர்கள் ஒன்றுக்கொன்று நகரவில்லை. எழும்புவது தரை மட்டும்தான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 15 சென்டிமீட்டர் காங்கிரீட், மேலே 5 சென்டிமீட்டர் கலவையும் டைல்ஸும். இவற்றின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 0.47 டன். தரையின் அடிப்பக்கம் 3.2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீர் 1.5 மீட்டரில் நின்றால் அடியில் 1.7 மீட்டர் நீரழுத்தம், அதாவது 1.7 டன் மேல்நோக்கித் தள்ளுகிறது. கீழே அழுத்துவது 0.47, மேலே தள்ளுவது 1.7. மீதி 1.23 டன்னைத் தரைத்தகடு வளைந்துதான் தாங்கவேண்டும். கம்பியில்லாத தரையால் அது முடியாது. அடி மண்ணுக்கும் தகடுக்கும் இடையே இப்போது பயனுறு அழுத்தம் பூஜ்யம். தகடு மண்மேல் உட்கார்ந்திருக்கவில்லை, தண்ணீர்மேல் நிற்கிறது.

இன்னொன்றும் தெரியவேண்டும். வெளியே நீர்மட்டம் பேஸ்மென்ட் தரையின் மேல்பரப்பைவிட வெறும் 27 சென்டிமீட்டர் உயர்ந்தாலே இந்தத் தரை எடையிழந்துவிடும். நிறுத்தியிருக்கும் கார்களின் எடை உதவும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.1 டன் அளவுதான் வரும். அது ஒன்றும் செய்யாது. ஆனால் கட்டடமே மிதந்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. மாடிக்கு மாடி சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று பார்த்தாலே நாலு தளத்தின் எடை இந்த 1.7 டன்னைவிட மிக அதிகம். அந்த எடை பில்லர் வழியாக ஃபுட்டிங்குக்கு இறங்குகிறது. நடுவில் உள்ள மெல்லிய தரைக்கு அதில் பங்கில்லை.

மேலே இன்னொரு கோட் காங்கிரீட் போடுவது ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் இதில் தெரியும். 10 சென்டிமீட்டர் காங்கிரீட் 0.24 டன். 1.23 டன்னை எடையாலேயே சமன் செய்ய அரை மீட்டருக்கும் மேல் காங்கிரீட் வேண்டும். அதன் பிறகு கார் உள்ளே போகாது. உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் பூசி அடைப்பது இன்னும் மோசம். இப்போது இடுக்குகள் வழியாகக் கசிவதால் அடியில் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதையும் அடைத்தால் முழு 1.7 டன்னும் தகட்டின்மேல் வந்து நிற்கும். பூசின சில நாளில் வேறு இடத்தில் தரை வெடிக்கும்.

செய்யவேண்டியது u-வைக் குறைப்பது. உடனடி நிவாரணத்துக்கு, புடைத்த ஒவ்வொரு பகுதியிலும் பில்லருக்கு அருகில் அல்லாமல் நடுவில் 75 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளைக்குள் ஃபில்டர் துணி சுற்றிய கீறல் குழாயை இறக்கி, சுற்றிலும் மணலும் சின்ன ஜல்லியும் நிரப்புங்கள். வரும் நீரைச் சிறு வாய்க்கால் வழியாக ஒரு மூலைக் குழிக்கு விட்டு, மிதவை ஸ்விட்ச் உள்ள பம்ப் வைத்து வெளியேற்றுங்கள். துளைகளைச் சுற்றி நீரழுத்தம் பேஸ்மென்ட் தரையின் மட்ட அளவுக்கு இறங்கும். தரை தள்ளப்படுவது நிற்கும்.

இதில் ஒரு சோதனையைத் தவறவிடக்கூடாது. வெளியேறும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் ஃபில்டர் வேலை செய்யவில்லை. தண்ணீரோடு மண்ணும் போகிறது, ஃபுட்டிங்குக்குப் பக்கத்தில் வெற்றிடம் உண்டாகிறது என்று பொருள். பம்பை அந்த நிமிடமே நிறுத்தி, ஃபில்டரைச் சரி செய்யும்வரை ஓட்டாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு இரண்டு வகை. பழைய தரையை உடைத்தெடுத்து, அடியில் ஜல்லிப் படுகையும் துளையிட்ட குழாய்களும் வைத்து நீரை எப்போதும் கீழேயே வடியவிடுவது ஒன்று. கம்பி போட்ட கனமான புதுத் தகட்டைப் பில்லர்களோடு பிணைத்து, கட்டடத்தின் எடையே நீரை எதிர்க்கும்படி செய்வது இன்னொன்று. இரண்டாவதில் பம்பை நம்பி வாழவேண்டாம். ஆனால் பில்லரோடு பிணைக்கும் இடத்தை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வடிவமைக்கவேண்டும். அதை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடக்கூடாது.

அறிகுறி: பேஸ்மென்ட் சுவரில் படுக்கைவாக்கில் விரிசல்

3 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டு அழுத்தத்தைப் பார்ப்போம். உலர்ந்த காலத்தில் மேல் மண் 5.4 டன், அதில் பாதி பக்கவாட்டில் வரும் என்று எடுத்தால் 2.7. நீர் 1.5 மீட்டருக்கு ஏறியதும் பயனுறு அழுத்தம் 4.2 ஆகக் குறைகிறது. எனவே மண் தள்ளுவது 2.1 மட்டும். ஆனால் தண்ணீர் தன் 1.5 டன்னை முழுசாகப் பக்கவாட்டிலும் தள்ளும். அதற்குப் பாதிக் கணக்குக் கிடையாது. மொத்தம் 3.6. சுவர்மேல் வரும் தள்ளல் அந்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. சுவரின் நடு உயரத்தில் உள்பக்கம் படுக்கை விரிசல் வந்து, நூல் பிடித்துப் பார்த்தால் சுவர் உள்நோக்கி வளைந்திருந்தால், பூச்சு வேலை எதையும் தொடாமல் முட்டுக் கொடுத்துவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: பின்மூலையில் சாய்வு விரிசல், கதவு பிடிக்கிறது

இங்கேதான் பலருக்கும் கோட்பாட்டின்மேல் சந்தேகம் வரும். நீர் ஏறினால் பயனுறு அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் மண் கொஞ்சம் உப்பத்தானே வேண்டும்? பின்மூலை ஏன் அமுங்கியது? நல்ல கேள்வி.

முன்பக்கத்து இறுகிய செம்மண் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அது ஒரு மயிரிழை உப்பியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. பின்பக்கத்தில் இருப்பது ரோலர் ஓட்டாமல் லாரியிலிருந்து கொட்டிய மண். துகள்கள் இடைவெளி விட்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவை விழாமல் இருந்ததற்குக் காரணம் இடுக்குகளில் இருந்த சொற்ப ஈரம். அந்த ஈரம் துகள்களைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. கணக்கில் சொன்னால் u அங்கே மைனஸ். மைனஸைக் கழித்தால் கூடும், ஆகவே துகள் அழுத்தம் இன்னும் அதிகம். கீழிருந்து நீர் ஏறி மண் முழுக்க நனைந்ததும் அந்த இழுப்பு போய்விடுகிறது. சாய்ந்து நின்ற துகள்கள் சரிந்து இடைவெளிகளுக்குள் விழுகின்றன. மேலே ஃபுட்டிங்கின் பாரம் இருப்பதால் மண் உப்ப வழியில்லை, அடங்கிவிடுகிறது. 1962-இல் மண் ஆய்வாளர்கள் ஜென்னிங்ஸும் பர்லண்டும் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: முழுக்க ஊறாத மண்ணில் பயனுறு அழுத்தம் என்ற ஒற்றை எண் இந்தச் சரிவைச் சொல்லாது. σ − u என்ற கழித்தல் நீரில் ஊறிய மண்ணுக்கானது. அந்த எல்லை தெரியாமல் கணக்குப் போட்டால் "உப்பும்" என்று விடை வரும், வீடு அமுங்கும்.

நம் கட்டடத்தில் ஃபுட்டிங்குக்குக் கீழே 2.5 மீட்டர் கொட்டிய மண் இருக்கிறது. நனைந்ததும் அது 1 சதவீதம் அடங்கினாலே 25 மில்லிமீட்டர். அடுத்த பில்லர் 4 மீட்டர் தள்ளி இறுகிய மண்ணில் அசையாமல் நிற்கிறது. 4,000-க்கு 25 என்றால் 160-க்கு 1. இந்தச் சாய்வு 300-க்கு 1 ஆனாலே சுவர்களில் விரிசல் எதிர்பார்க்கலாம், 150-க்கு 1 ஆனால் பில்லர், பீமுக்கே சேதம் வரலாம் என்பது ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் இருவரும் 1956-இல் கொடுத்த வழிகாட்டி. நம் மூலை இரண்டாவது எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. இதை அழகுக்கான விரிசல் என்று பட்டி பார்த்து மூடக்கூடாது.

அடையாளம் காண்பது: விரிசல் கீழிருந்து மேலே ஏறும்போது அமுங்கும் மூலையை நோக்கிச் சாய்ந்து ஏறும். செங்கல் சுவரில் படிக்கட்டு போல இருக்கும். மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருக்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் இருபுறமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடையிலான தூரத்தை வாரம் ஒருமுறை அளந்து குறியுங்கள். அளவைக் குழாயின் நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதினால் இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த மூலையை நனைக்கும் எல்லாவற்றையும் விலக்கவேண்டும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். மழைநீர் சேகரிப்பு கட்டாயமான ஊர் இது. சேகரிப்பு நல்லதுதான். ஆனால் இடமில்லை என்று ரீசார்ஜ் குழியை ஃபுட்டிங்கிலிருந்து ஒரு மீட்டரில், அதுவும் கொட்டிய மண்ணில் தோண்டிவைத்தால், நிலத்தடி நீர் ஏறுவதற்கு முன்பே மழைநீர் அந்த வேலையைச் செய்துவிடும். குழியை முன்பக்கத்து இறுகிய மண்ணுக்கு, கட்டடத்தை விட்டுத் தள்ளி மாற்றுங்கள்.

இந்தச் சரிவில் ஒரு ஆறுதல் உண்டு. அதே பாரத்தின் கீழ் முழுக்க நனைந்து ஒருமுறை அடங்கிய மண் அடுத்த மழையில் அதே அளவு மறுபடி அடங்காது. எனவே ஆணி இடைவெளி ஒரு முழு மழைக்காலம் மாறாமல் இருந்தால் பில்லரையும் பீமையும் எஞ்சினியர் பார்த்துச் சரி என்றதும் விரிசலை அடைக்கலாம். தொடர்ந்து விரிந்தால் மண் பரிசோதனை தேவை. ஃபுட்டிங்குக்கு அருகே ஒரு துளையாவது கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை மண் வரை போகவேண்டும். அதன் பிறகே ஃபுட்டிங்கை ஆழமாக்குவதா, மண்ணில் சிமெண்ட் கலவை செலுத்துவதா என்று முடிவெடுக்கலாம். களிமண் அதிகமான மண்ணுக்குள் சிமெண்ட் கலவை ஊடுருவாது. அதைப் பரிசோதிக்காமல் செலுத்தினால் பணம் போவதோடு, கலவையில் உள்ள நீர் இன்னும் நனையாத மண்ணை நனைத்துவிடும்.

அறிகுறி: சுவரின் அடியில் ஈரத் திட்டு மட்டும், விரிசல் இல்லை

இதற்கும் பயனுறு அழுத்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. அரை மீட்டர் பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்தால் கீழிருந்து ஊறுவது. அது சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ் அடுக்கின் பிரச்சினை, அஸ்திவாரத்துக்குப் போகவேண்டாம்.

அறிகுறி: புதைத்த தொட்டி மேலே எழும்புகிறது

காங்கிரீட் சம்ப் இந்த நீர்மட்டத்தில் சாதாரணமாக எழும்பாது, அதன் எடையே போதும். புதைத்த பிளாஸ்டிக் தொட்டி எழும்பும். அளவைக் குழாயில் நீர் தொட்டியின் அடியைத் தாண்டி நிற்கும் மாதங்களில் தொட்டியைக் கழுவ முழுக்கக் காலி செய்யாதீர்கள்.

ஆழமாகப் பம்ப் போடும் முன்

பேஸ்மென்ட்டை உலர்த்த மனையைச் சுற்றிக் குழாய்கள் இறக்கி நீரை 7, 8 மீட்டருக்கு இழுக்கலாம் என்று யோசனை வரும். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நீர் இறங்கினால் u குறையும், துகள் அழுத்தம் கூடும், மண் அமுங்கும். இயற்கை மண் ஏற்கெனவே 9 மீட்டர் நீர்மட்டத்தில் 10.8 டன்னைத் தாங்கிப் பழகியது, எனவே அந்த எல்லைக்குள் இறக்கினால் அமுங்குவது குறைவாகவே இருக்கும். 9 மீட்டரையும் தாண்டி இழுத்தால் அது மண்ணுக்குப் புது பாரம். பின்மூலைக் கொட்டிய மண்ணுக்கோ இந்தப் பழக்கமே இல்லை. நனைந்து கட்டமைப்பு கலைந்த பிறகு அது வேறு மண். முன்பு தாங்கியதை வைத்து இப்போது தாங்கும் என்று சொல்லமுடியாது. நீர் இறங்குவது உங்கள் காம்பவுண்டோடு நிற்காது, பக்கத்து வீட்டு ஃபுட்டிங்குக்குக் கீழேயும் இறங்கும்.

அதனால் பேஸ்மென்ட் தரைக்கு அடியில் தேவையான அளவு மட்டும், சுமார் 3.3 மீட்டர் ஆழம் வரை, வடிகால் மூலம் இறக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பம்ப் ஓடத் தொடங்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவர்களையும் தேதியோடு போட்டோ எடுத்து, அவர்கள் சம்மதத்தோடு ஒரு பில்லரில் டியூப் லெவல் கோடு போட்டுவிடுங்கள். பம்ப் ஓடும் முதல் மாதத்தில் அந்தக் கோட்டை வாரம் ஒருமுறையும், பாட்டில் சோதனையைத் தினமும் பாருங்கள். கோடு 3, 4 மில்லிமீட்டர் இறங்கினால் அளவில் பிழையா என்று மறுநாள் மறுபடி பிடித்துப் பாருங்கள். மறுநாளும் அதே எண் வந்தால் பம்பை நிறுத்திவிட்டு எஞ்சினியரிடம் இரண்டு அளவைக் குழாயின் குறிப்புகளையும் விரிசல் அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.